நெய்த சேலையா, நைந்த சேலையா? எழுதும்போது காலை வாரிவிட்ட இறந்தகாலம்

கண்டாங்கிக்காரி:

நடந்து நாலு மாதம் ஆகிவிட்டது. இன்னும் மனசில் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

காரைக்குடியில் ஒரு சேலைக் கடையில் கணக்கு பார்க்கிறேன். கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு 2019-ல் கிடைத்ததிலிருந்து வெளியூர்க்காரர்கள் நிறைய வருகிறார்கள். ஒவ்வொரு சேலையிலும் ஒரு சின்ன அட்டை தொங்கவிடலாம் என்று முதலாளி சொன்னார். வாசகம் எழுதும் வேலை எனக்கு. "எங்கள் ஊர்த் தறியில் கையால் நெய்ந்த பருத்திக் கண்டாங்கி" என்று எழுதினேன். 500 அட்டை அச்சாகி வந்துவிட்டது.

சேலை கொண்டுவந்து போடும் நெசவாளர், எழுபது வயதுக்காரர், அட்டையைக் கையில் எடுத்தார். எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். நெய்... ந்த. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏத்தா, புதுச்சேலையில நைந்த சேலைன்னா சீட்டுக் கட்டியிருக்கீக?" என்றார்.

கடையில் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் எனக்குப் புரியாதது இதுதான். வீட்டில் எல்லோரும் "நெஞ்ச சேலை" என்றுதானே சொல்கிறோம்? காஞ்ச மிளகாயை எழுதும்போது காய்ந்த மிளகாய் என்கிறோம். அப்படியானால் நெஞ்ச சேலை நெய்ந்த சேலைதானே?

பழைய அச்சகம்:

இந்த ஒரு எழுத்தோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவன் நான். தேவகோட்டையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினேன். ஒரு மணிவிழா மலர் வந்தது. அதில் வளவில் நின்று மழை பார்த்த கதையைப் பெரியவர் ஒருவர் அழகாக எழுதியிருந்தார். ஆனால் "மழை பெய்ந்தது" என்று பதினோரு இடத்தில். இரண்டு இடத்தில் "பேய்ந்தது". பதின்மூன்றையும் பெய்தது என்று மாற்றினேன். மனிதர் மெய்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கே வந்துவிட்டார். "வெயில் காய்ந்தது சரி, தண்ணீர் பாய்ந்தது சரி, மழை பெய்ந்தது மட்டும் தப்பா? எந்த ஊர் நியாயம்?"

எனக்கும் அப்போது பதில் தெரியாது. கை சொன்னது, மாற்றினேன், அவ்வளவுதான். அவரை உட்கார வைத்துவிட்டு, மெய்ப்புத்தாளின் பின்பக்கத்தில் இரண்டு வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் செய்தான், பெய்தது, நெய்தான், கொய்தான், அம்பு எய்தான். மறுபக்கம் காய்ந்தது, பாய்ந்தது, ஓய்ந்தது, தேய்ந்தது, சாய்ந்தது, கூரை வேய்ந்தான். எழுதி முடித்ததும் கண்ணில் பட்டுவிட்டது. இடப்பக்கம் முழுக்கக் குறில், வலப்பக்கம் முழுக்க நெடில்.

சிக்கல் பேச்சில்தான் ஆரம்பிக்கிறது. காய்ந்தது பேச்சில் காஞ்சது ஆகிறது. பெய்தது பேஞ்சது ஆகிறது. இரண்டு பாதையும் ஒரே ஞ்சவில் வந்து சேர்ந்துவிடுகிறது. எழுத உட்காருகிறவர் அந்த ஞ்சவிலிருந்து திரும்பி நடக்கிறார். எந்தப் பாதையில் வந்தோம் என்பது நினைவில்லை. அதிகம் பேர் போகும் பாதை ந்த, அதில் போய்விடுகிறார். கண்டாங்கிக்காரிக்கு நடந்ததும் அதுதான். "செஞ்சான்" என்று சொல்லிவிட்டு செய்தான் என்று எழுதுவதில் மட்டும் யாரும் தவறுவதில்லை. அந்தச் சொல் தினமும் கண்ணில் படுகிறது. நெய்தான் எத்தனை பேர் கண்ணில் படுகிறது?

பெரியவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஒப்புக்கொண்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

கானாடுகாத்தான் சார்:

ஆக, குறில் என்றால் த, நெடில் என்றால் ந்த. இவ்வளவு சுலபத்தை யாரும் பள்ளியில் சொல்லித் தரவில்லையே. இதை வைத்துப் பார்த்தால் "மாடு மேய்த்தான்", "எண்ணெய் தேய்த்தான்" என்று எழுதுவதும் பிழைதான். மேய்ந்தான், தேய்ந்தான் என்றுதான் வர வேண்டும். என் மாணவர்கள் கட்டுரையில் இதையும் இனிமேல் திருத்தப் போகிறேன்.

பழைய அச்சகம்:

சார், சிவப்பு மையைக் கொஞ்சம் மூடி வையுங்கள். மாடு மேய்ந்தது, பையன் மாட்டை மேய்த்தான். செருப்பு தேய்ந்தது, ஆத்தா முதுகில் எண்ணெய் தேய்த்தார். இப்படி ஜோடியாக வரும் சொற்களில் தானாக நடந்தால் ந்த, இன்னொன்றின் மேல் செய்தால் த்த. உங்கள் திருத்தத்தின்படி பையனே புல் மேய்வான். த்த வரும் கூட்டம் தனி, அது குறில் நெடில் பார்க்காது. மழை பொய்த்தது, ஈ மொய்த்தது இரண்டும் குறில்தான்.

நான் சொன்ன இரண்டு வரிசையிலும் ஓட்டை உண்டு. உய் குறில், ஆனால் உய்ந்தான். ஐயில் முடிகிறவை எந்த வரிசைக்கும் அடங்குவதில்லை. திட்டினால் வைதான், துணி இற்றுப்போனால் நைந்தது. அந்த நெசவாளர் காதில் நெய்ந்த என்பது நைந்த என்று விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

பலகார டப்பா:

நெய்யைப் பற்றி ஏதோ என்று நினைத்து உள்ளே வந்தேன், இருக்கட்டும். எனக்கும் ஒன்று இருக்கிறது. கவுனி அரிசி செய்முறை எழுதி சொந்தக்காரர்கள் குழுவில் போட்டேன். "முதல் நாள் இரவே ஊறப்போடவும். அரிசி நன்றாக வேகியதும் சர்க்கரை, தேங்காய்ப்பூ சேர்க்கவும்." செய்முறையில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் கோலாலம்பூரில் இருக்கும் என் அயித்தை மகள், தமிழை அங்கே பள்ளியில் படித்தவள், "வேகியதும் இல்லை ஆச்சி, வெந்ததும்" என்று பதில் போட்டாள். அவள் சமைத்து நான் பார்த்ததே இல்லை.

வேகிறது, வேகும், வேகட்டும் என்று எல்லாம் வே என்றிருக்கும்போது, முடிந்துபோன பிறகு மட்டும் வெ எதற்கு? பேசும்போது நானும் வெந்துருச்சு என்றுதான் சொல்கிறேன், வேகிருச்சு என்று ஒரு நாளும் வாயில் வந்ததில்லை. எழுத உட்கார்ந்தால் மட்டும் கை வேகியது என்கிறது.

பழைய அச்சகம்:

உங்கள் வாய் சரி, கைதான் தப்பு. நெய்ந்தவுக்கு நேர் எதிர் பிழை இது. அங்கே பேச்சை நம்பிக் கெட்டார்கள், இங்கே பேச்சை நம்பாமல் கெட்டீர்கள். வா வந்தது ஆகிறது, தா தந்தது ஆகிறது, நோ நொந்தது, காண் கண்டது. இந்தச் சின்னக் கூட்டம் இறந்தகாலத்துக்குள் நுழையும்போது குறுகிக்கொள்ளும். வே அதில் ஒன்று. வாந்தது என்று நீங்கள் எழுத மாட்டீர்கள் இல்லையா?

வளவு வீட்டு மருமகள்:

என்னுடையது கல்யாண வீட்டில் நடந்தது. நாத்தனார் கல்யாணத்துக்கு எந்த நாளில் என்ன என்று ஒரு தாள் எழுதி முகப்பில் ஒட்டச் சொன்னார்கள். "கழுத்துரு கோர்க்கும் நேரம்: காலை 9.00 முதல் 10.30" என்று எழுதினேன். வீட்டுக்காரரின் ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார், பேனா கேட்டார். நேரத்தைத்தான் மாற்றப் போகிறார் என்று நினைத்தேன். கோர்க்கும் என்பதில் இருந்த ர்-ஐ மட்டும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாளும் வந்தவர்கள் எல்லோரும் அந்த அடித்தலைப் பார்த்தார்கள். உள்ளே உருவையும் மணிகளையும் மஞ்சள் நூலில் கோத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

கோர்த்து தப்பு என்றால் பேப்பரில் தினமும் "கைகோர்த்து" வருகிறதே?

கானாடுகாத்தான் சார்:

இதில் ஐயாவோடு நான் ஒத்துப்போகவில்லை. எல்லோரும் ஒரு சொல்லை எழுதினால் அதுதான் சரி. கோர்வையாகப் பேசு என்கிறோம், கோர்த்து என்கிறோம். கோத்து என்று எழுதினால் இன்றைக்கு அதைத்தான் பிழை என்பார்கள்.

பழைய அச்சகம்:

அந்த ர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பார்த்தான், சேர்த்தான் இரண்டையும் பேச்சில் பாத்தான், சேத்தான் என்கிறோம். பள்ளியில் ர் விட்டுப்போனதற்கு அடி வாங்கியிருக்கிறோம். அந்தப் பயத்தில் கோத்தானைப் பார்த்ததும் இங்கேயும் ர் விட்டுப்போயிருக்கும் என்று ஒன்றைச் செருகிவிட்டோம். விட்டுப்போக அங்கே ர் இருந்ததே இல்லை. வேர் கோ. கோத்தான், கோப்பான். பூ பூத்தது போல, கா காத்தது போல. அலுவலகத்தில் தாள்களைக் கோத்து வைப்பதற்குக் கோப்பு என்றுதானே பெயர்? கோர்ப்பு என்று யாராவது எழுதி நான் பார்த்ததில்லை.

கானாடுகாத்தான் சார்:

கோப்பு சரி. ஆனால் கோர்வை என்ன ஆகும்?

பழைய அச்சகம்:

கோவை. அந்தப் பெயரில் பழைய நூல்களே இருக்கின்றன, திருக்கோவையார், ஆசாரக்கோவை. ஆனால் "கோவையாகப் பேசு" என்று எழுதினால் கோயம்புத்தூர் ஞாபகம்தான் வருகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். கோர்வையை இனி யாரும் பிடுங்க முடியாது. கோத்துவுக்காக மட்டும் சண்டை போடுவேன்.

பள்ளத்தூர் டைப்பிஸ்ட்:

எனக்கும் ஒருமுறை பெய்ந்தது ஆகியிருக்கிறது, பஞ்சாயத்து மனுவில். அதை விடுங்கள். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் கோப்பைத் திறந்து தேடுகிற இடத்தில் "ய்ந்த" என்று மட்டும் போடுங்கள். நாற்பது பக்கத்தில் ஒரு முப்பது இடம் வரும், ஐந்து நிமிட வேலை. ஒவ்வொன்றிலும் ய்-க்கு முந்தின எழுத்தை மட்டும் பாருங்கள். கா, பா, ஓ, தே, மே, சா என்றால் தாண்டிப் போங்கள். செ, பெ, நெ, கொ, எ என்றால் நின்று ந்-ஐ எடுங்கள். உ வந்தால் தொடாதீர்கள், உய்ந்து அப்படித்தான். மொத்தமாக மாற்று என்ற பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். நான் அழுத்தினேன். ஆராய்ந்து எல்லாம் ஆராய்து ஆகி, அந்த மனுவை மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

அடுத்து "கோர்" என்று தேடுங்கள். அதில் கோர்ட்டும் சேர்ந்து வரும், எரிச்சலாக இருக்கும். "கோர்த்", "கோர்க்" என்று இரண்டு தடவையாகத் தேடினால் கோர்ட் வராது. "பேய்ந்" என்று தனியாகவும் ஒருமுறை தேடிவிடுங்கள். மழைக் கதை எழுதுகிறவர்களுக்கு அது கட்டாயம். பிழை காட்டும் சிவப்புக் கோட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். என் கணினியில் நெய்ந்தவுக்குக் கோடு விழவில்லை, நெய்தவுக்கு விழுந்தது.

பலகார டப்பா:

வேகியதுக்கு என்ன தேடுவது?

பள்ளத்தூர் டைப்பிஸ்ட்:

"வேகிய" என்றே தேடுங்கள் ஆச்சி. அது ஒன்றுதானே.

கண்டாங்கிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. அட்டை என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். முதலாளி புதிதாக அச்சடிக்க மறுத்துவிட்டார். நல்லவேளை, நெய்ந்த என்பதில் ஓர் எழுத்தை அடித்தால் நெய்த ஆகிவிடும். மீதி இருந்த 460 அட்டையிலும் ந்-ஐக் கறுப்புப் பேனாவால் நானே அடித்தேன், மூன்று சாயங்காலம் ஆயிற்று.

போன வாரம் சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையால் நெய்ந்ததுன்னுதானே இருந்திருக்கு, அதை ஏன் அடிச்சிருக்கீங்க? விசைத்தறியா?" என்று கேட்டார்.