பழைய பதிவேட்டில் 12/6/03 என்று இருந்தால்: உங்கள் அனுபவம் என்ன?

ஜெலுத்தோங்காரன்:
பினாங்கில் ஒரு சிறிய கோயிலின் உபயப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஜப்பான்காரன் காலத்துப் பக்கங்கள், உதிரித் தாள்களாகக் கிடைத்தவை. எழுதிய கணக்கப்பிள்ளை தேதியை ஒரே மாதிரி எழுதுகிறவர் இல்லை. ஒரு வரியில் "சுபானு ௵ வைகாசி ௴ ௨௯ ௳", அதன் ஓரத்தில் "12/6/03 சனி". அடுத்த வரியில் வெறும் "௸".

உதவிக்கு வந்த தம்பி எக்செலில் 12/6/03 என்று அடித்தார். அது தானாகவே 12/06/2003 ஆகிவிட்டது. கட்டத்தை 'Text' என்று மாற்றிப் பார்த்தால் 37784 என்று ஓர் எண் வந்து நிற்கிறது. அடித்தது எங்கே போனதென்றே தெரியவில்லை. ஜப்பானிய ஆட்சியில் 1943ஆம் ஆண்டை 2603 என்று எழுதினார்கள். இந்த 03 அந்தக் கணக்கு. இது தெரியாதவர் கண்ணில் பட்டால் 2003ஆம் ஆண்டு உபயம் என்றே முடிவு கட்டிவிடுவார். உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

பட்டர்வொர்த் வாசகி:
அண்ணே, இதில் என்ன குழப்பம்? தமிழ் வருஷப் பெயர்தான் கூடவே இருக்கிறதே. பஞ்சாங்கத்தில் தேடினேன், 2003-04 சுபானு வருஷம். அப்போ எக்செல் சொன்னதுதான் சரி போலிருக்கே. பிற்காலத்தில் யாராவது எழுதிச் சேர்த்த தாளாக இருக்கலாம்.

பழைய ஏடு:
அம்மா, பஞ்சாங்கத்தைத் தேடியது நல்ல யோசனை. ஆனால் இந்த இடத்தில் அது கைகொடுக்காது. தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1943உம் சுபானு, 2003உம் சுபானு. ஜப்பானிய ஆண்டு நம் ஆண்டைவிட 660 கூடுதல், அதாவது பதினோரு அறுபது. அதனால் அந்தக் காலத்து 02, 03, 04, 05 எதை எடுத்து 2002, 2003 என்று படித்தாலும் வருஷப் பெயர் பொருந்தியே தீரும். சரிபார்த்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு தப்பாகப் போவோம்.

இந்த வரியில் நம்மைக் காப்பாற்றுவது ஓரத்தில் இருக்கும் "சனி". 1943 ஜூன் 12 சனிக்கிழமை. 2003 ஜூன் 12 வியாழன். தேதியை 'ஒழுங்காக' மாற்றி எழுதுகிறவர்கள் முதலில் தூக்கிப் போடுவது இந்தக் கிழமையைத்தான். எனக்கு அதில்தான் ஆத்திரம்.

தமிழ்த் தேதியையும் கணக்குப் போட்டு மாற்றி வைக்காதீர்கள். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் மாதப் பிறப்பில் சில சமயம் ஒரு நாள் தள்ளி நிற்கும். எழுதியவர் எதைப் பார்த்தார் என்று நமக்கு யார் சொல்வது?

ஆயர் ஈத்தாம் அக்கா:
எங்கள் பாட்டிக்கும் இதே பிரச்சினைதான். அடையாள அட்டையில் ஒரு தேதி, பிறப்புப் பத்திரத்தில் ஒரு தேதி. பதிவிலாகாவுக்கு நடையாய் நடந்தோம். நீங்களும் அங்கே போய் மாற்றிக்கொள்ளுங்களேன்?

ஜெலுத்தோங்காரன்:
அக்கா, நாங்கள் மாற்றாமல் வைப்பதற்குத்தான் வழி தேடுகிறோம் 😀

லெபோ சூலியா:
எங்கள் குடும்ப நோட்டில் ஒரு பெரியவர் மவுத்தானதை "ஜமாதில் ஆகிர் பிறை 7, வெள்ளி இரவு" என்று எழுதியிருந்தது. அதை ஆங்கிலத் தேதியாக்கிய உறவினர் வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டுவிட்டார். எங்களுக்கு நாள் மஃரிபில் தொடங்குகிறது. வெள்ளி இரவு என்றால் உங்கள் கணக்கில் வியாழன் ராத்திரி. மூல நோட்டும் கரையான் அரித்துவிட்டது. இப்போது மாற்றிய தேதி மட்டும்தான் மிச்சம், அதை வைத்துக்கொண்டு திரும்பிப் போக முடியவில்லை. ஆகவே பழைய ஏடு ஐயா சொன்ன கிழமையைக்கூட எழுதியபடி முழுசாக வையுங்கள். "வெள்ளி" என்று சுருக்கினாலே போச்சு.

பழைய ஏடு:
நல்லதைச் சொன்னீர்கள். நாங்கள் செய்கிற முறை இதுதான். அடிக்கத் தொடங்கும் முன்பே அந்தப் பத்தி முழுவதையும் 'Text' ஆக்கிவிட வேண்டும். அடித்த பிறகு ஆக்கினால் 37784 கதைதான். முதல் பத்தியில் தாளில் உள்ளபடி: தமிழ் எண் தமிழ் எண்ணாக, சாய்கோடு சாய்கோடாக, அடித்தல் இருந்தால் அதுவும். ௨௯ஐ 29 என்று எழுதக்கூடாது. பக்கத்தில் தனிப் பத்தியில் நம் ஊகம்: "1943 ஜூன் 12". அதற்கடுத்து எதனால் அப்படி நினைக்கிறோம்: "03 = 2603, சனி பொருந்துகிறது". ஊகம் நாளை தப்பென்று தெரிந்தால் முதல் பத்தியைத் தொடாமல் அதை மட்டும் மாற்றலாம். இன்னொன்று, CSV கோப்பாகச் சேமித்துவிட்டு இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்செல் மறுபடியும் தன் வேலையைக் காட்டும். இறக்குமதி வழியாக எடுத்து, தேதிப் பத்தியை 'Text' என்று குறியுங்கள்.

பட்டர்வொர்த் வாசகி:
660 கணக்கு எனக்குப் புதுசு, நன்றி ஐயா. சரி, அந்த ௸ஐ என்ன செய்வது? மேற்படி என்றால் மேல் வரித் தேதிதானே. அதையே நிரப்பிவிட்டால் தேடுவதற்கு வசதி.

பழைய ஏடு:
ஊகப் பத்தியில் தாராளமாக நிரப்புங்கள். முதல் பத்தியில் வேண்டாம்.

ஜெலுத்தோங்காரன்:
அங்கேயும் ஒரு சந்தேகம் ஐயா. உதிரித் தாள் என்றேன் அல்லவா? சில தாள்களின் முதல் வரியே ௸ தான். அதற்கு மேலே இருந்த தாள் எதுவென்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மேற்படி என்பது தேதியையா, உபயக்காரர் பெயரையா என்றும் சில வரிகளில் பிடிபடவில்லை. இப்போதைக்கு அந்த ஊகக் கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறேன். யாராவது இப்படிப்பட்ட தாள்களை மையின் நிறத்தைப் பார்த்து வரிசைப்படுத்தியிருந்தால் சொல்லுங்கள்.