41 சதவீதத் தள்ளுபடியில் ஏசி வாங்கிய கதை

பெரம்பூர்க்காரன்:
2025 தீபாவளிக்கு முன் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி வாங்கினேன். மே மாதமே எங்கள் தெருமுனைக் கடையில் விலை விசாரித்திருந்தேன், 39,990 ரூபாய். அப்போது கையில் காசில்லை. கடைக்காரர் மாடல் எண்ணோடு எழுதிக்கொடுத்த சீட்டு மட்டும் பர்ஸில் கிடந்தது.

செப்டம்பர் கடைசியில் பண்டிகை விற்பனை தொடங்கியதும் அதே மாடலை இணையத்தில் பார்த்தேன். 62,990 என்று போட்டு அடித்து, பக்கத்தில் 36,990. '41% தள்ளுபடி'. மூவாயிரம் மிச்சம் என்று வாங்கிவிட்டேன். பில் வந்தபிறகுதான் கணக்குப் போட்டேன். செப்டம்பர் 22 அன்று ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. மே மாத விலையை 128-ஆல் வகுத்து 118-ஆல் பெருக்கினால் 36,866 வருகிறது. அதாவது வரி குறைந்தபின் வரவேண்டிய விலையைவிட 124 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். கார்டுக்குக் கழித்த 1,500 மட்டும்தான் உண்மையான சலுகை. அதிலும் 'வட்டியில்லாத் தவணை' எடுத்ததால் செயலாக்கக் கட்டணம், வட்டித் தொகைக்கான ஜிஎஸ்டி என்று கொஞ்சம் போய்விட்டது.

அண்ணாநகர் தம்பி:
அண்ணே, கணக்கு உதைக்குதே. 10 சதவீதம் குறைந்தால் 39,990-ல் 3,999 போய் 35,991 தானே வரணும்? ஆயிரம் ரூபாயை அமுக்கிட்டாங்க. என் போனுக்கும் இதே கதைதான். வரி குறையும் என்று காத்திருந்தேன், ஒரு பைசா குறையவில்லை.

புரசைவாக்கம் கவுன்டர்:
வீட்டு உபயோகப் பொருள் கடையில் 19 வருஷமாக நிற்கிறேன். தம்பி, வரி என்பது வரி சேர்க்காத விலை மேல் போடுவது. 100 ரூபாய்ச் சாமான் 128-க்கு விற்றது, இப்போது 118. அந்தப் பத்து ரூபாய் 128-ல் எட்டு சதவீதம்கூட இல்லை. பெரம்பூர்க்காரர் கணக்கு சரி. போனுக்கு முன்னாலேயே 18 சதவீதம்தான், அதில் குறைய ஒன்றுமில்லை.

அடித்துக் காட்டும் 62,990 பெட்டியில் அச்சடித்த எம்ஆர்பி. அந்த விலைக்கு நான் ஒரு ஏசிகூட விற்றதில்லை. அதிலிருந்து சதவீதம் போட்டால் வருஷம் முழுக்கத் தள்ளுபடிதான். உங்கள் பர்ஸில் இருந்த சீட்டுதான் சரியான அளவுகோல். மாடல் எண்ணில் கடைசி எழுத்துவரை ஒத்துப் பாருங்கள், ஓர் எழுத்து மாறினால் அது வேறு சாமானாக இருக்கலாம்.

தாம்பரம் அக்கா:
நான் ஆடித் தள்ளுபடியில் தி.நகர் போய்ப் புடவை எடுத்தேன், அதைச் சொன்னால் இரண்டு நாள் ஆகும். அக்டோபரில் வாஷிங் மெஷின் வாங்கியபோது கடையில் 'ஜிஎஸ்டி குறைப்புச் சலுகை' என்று பெரிய அட்டை தொங்கியது. 1,800 ரூபாய் குறைத்தார்கள். எனக்கு லாபம்தானே?

புரசைவாக்கம் கவுன்டர்:
அக்கா, வாஷிங் மெஷினுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் 2018 ஜூலையிலேயே 18 ஆகிவிட்டது. அந்த அட்டை அதற்குப் பொருந்தாது. 1,800 குறைந்தது நிஜமா என்றால், அதற்கு முந்தைய வாரம் என்ன விலைக்கு விற்றார்கள் என்று தெரிய வேண்டும்.

தாம்பரம் அக்கா:
யார் கேட்டார்கள் போன வாரம்! அட்டையைப் பார்த்தேன், வாங்கினேன்.

அண்ணாநகர் தம்பி:
சரி, புது மாடல் வந்ததும் பழையது விலை குறையும் இல்லையா? அப்படிப் பார்த்தால் ஏசியை ஜனவரியில்தான் வாங்கணும்.

புரசைவாக்கம் கவுன்டர்:
பாதி சரி. 2026 ஜனவரி 1 முதல் ஏசியின் நட்சத்திர அளவுகோல் கடுமையானது. பழைய 5 ஸ்டார் புதுக் கணக்கில் 4 ஸ்டார். அதனால் நவம்பர், டிசம்பரில் பழைய லேபிள் சரக்கைத் தள்ளிவிடப் பார்த்தோம். மழைக்காலம், ஏசி கேட்டு ஆளே வராது, அப்போது பேரம் படியும். ஜனவரியில் வருவது புது லேபிள் சரக்கு, அது விலை இறங்கி வருவதில்லை. லேபிளில் எந்தத் தேதிவரை செல்லும் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்தால் பழசா புதுசா என்று தெரிந்துவிடும்.

பெரம்பூர்க்காரன்:
அப்படியென்றால் என்னுடைய 5 ஸ்டார் இப்போது 4 ஸ்டாரா?

புரசைவாக்கம் கவுன்டர்:
பேர்தான் மாறுது சார், அது இழுக்கிற கரண்ட் மாறாது. லேபிளில் உள்ள வருட யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. நம்ம ஊரில் ராத்திரி முழுக்கப் போடுகிறவர்களுக்கு அதைவிடக் கூடும். பழைய 5 ஸ்டாரை மலிவாக வாங்குவதா, புதுசுக்குக் கூடுதலாகக் கொடுப்பதா என்பது அந்த மணிக்கணக்கைப் பொறுத்தது. எங்கள் கடையிலேயே அதில் ஆளுக்கொரு பேச்சு.

பெரம்பூர்க்காரன்:
எங்கள் வீட்டில் ராத்திரி 10 முதல் 5 வரை. அம்மா இரண்டு மணிக்கு எழுந்து அணைத்துவிடுவார், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?