கம்ப்ரசர் கசிவு ஆய்வுக்கு ஆம்பூர் யூனிட்களுக்கு அனுப்பும் முதல் மெயில்: எப்படிச் சுருக்குவது?

காட்பாடி ஏர்லைன்:
ஷூ ஃபேக்டரிகளில் கம்ப்ரசர் காற்று எங்கெங்கே கசிகிறது என்று கருவி வைத்துக் கண்டுபிடித்துத் தருவது எங்கள் வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் அறிமுகமில்லாத யூனிட்களுக்கு மெயில் போகிறது. பதில் வருவதில்லை. மெயின்டனன்ஸ் ஆட்கள் படிக்க வேண்டும் என்பதால் தமிழிலேயே அனுப்புகிறோம். மெயிலின் முக்கியப் பகுதி இது:

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் நிறுவனம் தொழிற்சாலைகளுக்கு எரிசக்தி சேமிப்புத் தீர்வுகளை வழங்குவதில் முன்னணியில் உள்ளது. அனுபவம் மிக்க பொறியாளர்கள், நவீன கருவிகள், சிறந்த சேவை எங்கள் சிறப்பு. உங்கள் மின் கட்டணத்தில் 40% வரை சேமிப்பு உறுதி. இந்த மாதம் மட்டும் ஆய்வு முற்றிலும் இலவசம். நாளை காலை 11 மணிக்கு உங்களை நேரில் சந்திக்கலாமா? விவரங்களுக்கு இணைப்பைப் பார்க்கவும்."

இணைப்பில் பன்னிரண்டு பக்க பிரௌஷர். எதை வெட்டலாம்?

ராணிப்பேட்டை சிப்காட்:
முதல் மூன்று வரியை அப்படியே எடுத்துடுங்க. அதுல கம்ப்ரசர்ங்கிற சொல்லே இல்லை. ஜெனரேட்டர் விக்கிறவரும் சோலார் பேனல் விக்கிறவரும் இதே மூன்று வரியைத்தான் அனுப்புவாங்க.

40% தான் பெரிய கோளாறு. ஷூ ஃபேக்டரி மின் கட்டணத்துல கம்ப்ரசர் ஒரு பங்குதான். தையல் மெஷின், ஹீட் டனல், ஏசி, விளக்கு எல்லாம் மீதி. கசிவை மட்டும் அடைச்சு மொத்த பில்லுல 40% குறையாதுன்னு மெயின்டனன்ஸ் இன்சார்ஜுக்குத் தெரியும். அந்த வரியைப் பார்த்ததும் மேற்கொண்டு படிக்க மாட்டார்.

"இலவசம்", "இந்த மாதம் மட்டும்" ரெண்டும் போகணும். இலவச ஆய்வுக்குப் பின்னாடியே கொட்டேஷன் வரும்னு எல்லாருக்கும் தெரியும். "நாளை 11 மணி"யும் வேண்டாம். முகம் தெரியாத ஒருத்தர் நம்ம நேரத்தை அவரே முடிவு பண்ணினா எரிச்சல்தான் வரும்.

வேலூர் கோட்டை:
குறைத்தால் மட்டும் போதாது, ரூபாய்க் கணக்கு வேண்டும். ஆம்பூரில் ஒரு நடுத்தர யூனிட் என்றால் 50 எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரசர், அதாவது 37 கிலோவாட். மூன்றில் ஒரு பங்கு கசிவு என்றால் 12 கிலோவாட் வீண். நாளைக்கு 10 மணி, மாதம் 26 நாள், 260 மணி நேரம். மொத்தம் 3,200 யூனிட் மின்சாரம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் மாதம் 25,000-க்கு மேல். "மாதம் 25,000 ரூபாய் காற்றில் போகிறது" என்று தலைப்பில் போடுங்கள், திறக்காமல் இருக்க மாட்டார்கள்.

மெயின்டனன்ஸ் ஆம்பூர்:
திறப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். நடுத்தர யூனிட்டுக்கு 37 கிலோவாட் என்பது சரி, சேமிப்புக் கணக்கு சரியில்லை. இரண்டு இடத்தில் வழுக்குகிறது சார்.

ஒன்று, கசிவு பூஜ்யத்துக்கு வராது. குவிக் கப்ளர், எஃப்.ஆர்.எல். யூனிட், பாலியூரிதேன் டியூப் முனை எல்லாம் உள்ள லைனில் 10% பக்கம் வந்தாலே நல்ல நிலை. அதனால் 33-லிருந்து 10-க்கு வரும் 23 தான் கையில் கிடைப்பது.

இரண்டு, ஸ்க்ரூ கம்ப்ரசர் காற்றை அழுத்தாமல் சும்மா ஓடும் அன்லோடில் இருக்கும்போதும் மோட்டார் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். முழு லோடில் இழுப்பதில் 30% போல அப்போதும் இழுக்கும். 37-க்கு 11 என்று வையுங்கள். கசிவை அடைத்தால் லோடு நேரம் அன்லோடு நேரமாக மாறும், மெஷின் நின்றுவிடாது. ஆகவே மிச்சமாவது 37 இல்லை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 26. அதில் 23% என்றால் 6 கிலோவாட். 260 மணி நேரத்துக்கு 1,500 யூனிட் சொச்சம். உங்கள் 8 ரூபாய்ப்படி 12,000 ரூபாய்.

25,000 என்று எழுதி வந்தவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே "அன்லோடு பவரைக் கழித்தீர்களா?" என்பதுதான். 12,000 என்று எழுதி, எப்படி வந்தது என்று ஒரு வரி இருந்தால் அந்த ஆளோடு பேசலாம்.

வேலூர் கோட்டை:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரூபாய் இல்லாமல் முதலாளி அசைய மாட்டார்.

மெயின்டனன்ஸ் ஆம்பூர்:
முதலாளிக்கு ரூபாயை நாங்கள் போட்டுக்கொள்வோம், பில் எங்களிடம்தானே இருக்கிறது. வெளியாள் எத்தனை யூனிட் மின்சாரம் என்று சொன்னால் போதும். யூனிட் விலையைத் தப்பாகப் போட்டுவிட்டால் சரியான கணக்கும் தப்பாகத் தெரியும்.

வாலாஜா லாட்ஜ்:
நம்ம கேஸும் இதேதான் சார். ஆஸ்பத்திரி பக்கம் லாட்ஜ் ரூம் இருக்குன்னு கம்பெனிகளுக்கு ஒரே மெயிலை 300 பேருக்கு பி.சி.சி. போட்டு அனுப்புறோம். எல்லாம் ஸ்பேம்ல விழுது. எழுத்து சரியில்லையா?

ராணிப்பேட்டை சிப்காட்:
உங்களுது வேற சங்கதி. ஒரே மெயில் 300 பேருக்கு ஒரே தடவையில போனா, எழுத்து எப்படி இருந்தாலும் ஸ்பேம்ல விழ வாய்ப்பு ஜாஸ்தி. மெயில் உங்ககிட்டேருந்துதான் வந்ததுன்னு காட்டுற SPF, DKIM உங்க டொமைனுக்கு செட் ஆகியிருக்கான்னு ஹோஸ்டிங் ஆளைக் கேளுங்க. பெரிய இணைப்பு வைக்காதீங்க. முதல்ல பத்து கம்பெனியா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எழுதிப் பாருங்க.

காட்பாடிக்காரருக்கும் இதுல ஒண்ணு இருக்கு. பிரௌஷரை முதல் மெயில்ல இருந்து எடுத்துடுங்க. கேட்டா அனுப்பலாம்.

மெயின்டனன்ஸ் ஆம்பூர்:
என் பார்வையில் அந்த மெயிலில் இருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. நானே, காசு செலவில்லாமல், இன்றைக்கே பார்க்கக்கூடிய ஒரு சோதனை.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் லைன் முழுவதும் நிற்கும். கம்ப்ரசரை ஆஃப் செய்யாமல், மெஷின்களுக்குப் போகும் வால்வுகளையும் மூடாமல் விட வேண்டும். அப்போது காற்றை எடுப்பது கசிவு மட்டும்தான். கம்ப்ரசர் எத்தனை நேரம் லோடில் ஓடுகிறது, எத்தனை நேரம் அன்லோடில் இருக்கிறது என்று ஃபோன் ஸ்டாப்வாட்சில் நான்கைந்து சுற்று குறித்தால் போதும். லோடு 2 நிமிடம், அன்லோடு 4 நிமிடம் என்றால் ஆறில் இரண்டு, மூன்றில் ஒரு பங்கு கசிவு. லோடு 20 செகண்ட், அன்லோடு 4 நிமிடம் என்றால் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே, அந்த யூனிட்டுக்கு உங்கள் வேலை தேவையில்லை. அதையும் மெயிலிலேயே சொல்லிவிடுங்கள். "உங்களுக்கு வேண்டியிருக்காது" என்று எழுதத் துணிந்தவரை விரட்டத் தோன்றாது.

யாரிடமும் "ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்" என்று எழுத வேண்டாம். இங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை விடும் யூனிட்களும் உண்டு. மதிய இடைவேளை எல்லாருக்கும் பொது. வெள்ளி மதியம் மெயில் அனுப்புவதையும் தவிர்த்துவிடுங்கள், தொழுகை முடிந்து வருவதற்குள் அது கீழே போய்விடும்.

பேரணாம்பட்டு அப்பர்ஸ்:
ஒரு விஷயம் யாரும் சொல்லலை. இங்க பாதி யூனிட் ஷூவோட மேல்பாகமான அப்பர் மட்டும் தைக்கிறது. அங்க காற்று அவ்வளவா செலவாகாது. அப்பரை அச்சுல இழுத்து மாட்டுற லாஸ்டிங், சோல் ஒட்டுறது எல்லாம் முழு ஷூ பண்ற இடத்துலதான். அப்பர் யூனிட்டுக்கு "உங்கள் லாஸ்டிங் லைன்" னு மெயில் வந்தா, எங்களைப் பத்தி எதுவும் பார்க்காம அனுப்பினதுன்னு முதல் வரியிலேயே தெரிஞ்சுடும். அவங்க வெப்சைட்லயோ ஆள் எடுக்கிற விளம்பரத்துலயோ "லாஸ்டிங் ஆபரேட்டர் தேவை"னு இருக்கான்னு பார்த்துட்டு எழுதுங்க.

ராணிப்பேட்டை சிப்காட்:
எல்லாத்தையும் சேர்த்து ஒரு தடவை எழுதிப் பார்த்தேன்:

"பொருள்: மதிய இடைவேளையில் கம்ப்ரசர் லோடு நேரம்

வணக்கம் சார். உங்கள் யூனிட்டுக்கு லாஸ்டிங் ஆபரேட்டர் தேவை என்ற விளம்பரம் பார்த்தேன். லாஸ்டிங் லைன் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

மதிய இடைவேளையில், வால்வுகளை மூடாமல், கம்ப்ரசரின் லோடு நேரத்தையும் அன்லோடு நேரத்தையும் நான்கைந்து சுற்று குறித்துப் பாருங்கள். லோடு நேரம் மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் லைன் நன்றாக இருக்கிறது, எங்கள் வேலை தேவைப்படாது. மூன்றில் ஒரு பங்கு இருந்தால், 37 கிலோவாட் மெஷின் மாதம் 260 மணி நேரம் ஓடினால் சுமார் 1,500 யூனிட் மின்சாரம் குறைக்க முடியும். அன்லோடு பவரைக் கழித்த கணக்கு இது.

கசியும் இடங்களை அல்ட்ராசோனிக் கருவியால் கண்டுபிடித்து, டேக் கட்டி, பட்டியல் தருவது எங்கள் வேலை. அந்த இரண்டு நேரங்களையும் மெஷினின் கிலோவாட்டையும் அனுப்பினால் உங்கள் யூனிட்டுக்கான கணக்கைப் போட்டு அனுப்புகிறேன்."

கீழே பேர், ஊர், ஃபோன் நம்பர். அவ்வளவுதான். ஃபோன்ல ரெண்டு தடவை தள்ளினா முடிஞ்சுடும். சந்திக்கலாமான்னு எங்கேயும் கேட்கலை, ரெண்டு நேரமும் கிலோவாட்டும்தான் கேட்டிருக்கு. நேரம் அவர் பாக்கெட்ல இருக்கிற ஃபோன்லயே கிடைக்கும்.

வேலூர் கோட்டை:
ஆய்வுக்கு எவ்வளவு என்று ஒரு வரி வேண்டாமா? பர்சேஸ் ஆள் முதலில் அதைத்தான் தேடுவார்.

ராணிப்பேட்டை சிப்காட்:
லைன் எவ்வளவு நீளம், எத்தனை மெஷின்னு தெரியாம விலை போட்டா அப்புறம் மாத்தணும். நான் போட மாட்டேன்.

மெயின்டனன்ஸ் ஆம்பூர்:
நான் போடச் சொல்வேன். "இவ்வளவிலிருந்து தொடங்கும்" என்றாவது இருக்கட்டும். விலை இல்லாத மெயில் பர்சேஸுக்குப் போனால் அங்கேயே தங்கிவிடும். சின்ன யூனிட்டுக்குப் போட்டும், பெரிய யூனிட்டுக்குப் போடாமலும் அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காட்பாடி ஏர்லைன்:
நன்றி சார். பதில் வரவில்லை என்றால் மறுபடி எத்தனை தடவை கேட்கலாம்? "என் முந்தைய மெயிலைப் பார்த்தீர்களா" என்றுதான் இதுவரை போகிறது.

ராணிப்பேட்டை சிப்காட்:
ஒரு வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவை, அதே மெயிலுக்கு ரிப்ளையா. பார்த்தீங்களான்னு கேட்காதீங்க, கணக்குக் கேக்குற மாதிரி இருக்கும். முதல் மெயில்ல இல்லாத ஒண்ணைக் கொடுங்க. "கருவி இல்லாமலே முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்: குவிக் கப்ளர், எஃப்.ஆர்.எல். பௌல், ரிசீவரின் ஆட்டோ டிரெயின். சோப்புத் தண்ணீர் போதும்." அதுக்கும் பதில் இல்லைன்னா விட்டுடுங்க.

பேரணாம்பட்டு அப்பர்ஸ்:
மெயிலுக்குப் பதிலா வாட்ஸ்அப்ல போட்டா சீக்கிரம் பார்ப்பாங்களே?

மெயின்டனன்ஸ் ஆம்பூர்:
பார்ப்போம். ஆனால் தெரியாத நம்பரிலிருந்து வந்தால் நான் பிளாக் செய்வேன். மற்றவர்கள் எப்படியோ.

அதைவிட முக்கியம், வி.எஃப்.டி. கம்ப்ரசர் உள்ள யூனிட்டுக்கு இந்த மெயில் அப்படியே போகக் கூடாது. அதில் மோட்டார் வேகம்தான் குறையும், லோடு அன்லோடு என்று தெளிவாகப் பிரியாது. அங்கே இடைவேளையில் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு ரிசீவர் பிரஷர் 7 பாரிலிருந்து 6-க்கு இறங்க எத்தனை நேரம் என்று பார்க்க வேண்டும். 1,000 லிட்டர் ரிசீவரில் ஒரு நிமிடத்தில் இறங்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர் காற்று போகிறது. பைப்லைனில் உள்ள காற்றையும் சேர்த்தால் இன்னும் கூடும். எந்த மெஷின் என்று தெரியாவிட்டால் ஒரு வரி சேருங்கள்: "உங்களுடையது வி.எஃப்.டி. என்றால் சொல்லுங்கள், சோதனை வேறு."