புதுக் கடை முதல் பதிவு: சொந்த லோனை எங்கே எழுதுவது?

பேசுகிறவர்கள் அவரவர் பெங்களூர் ஏரியா பெயரில்.

அல்சூர்: பெங்களூரில் நம்மாட்கள் திறக்கிற சின்னக் கடைகளின் கணக்கில் ரொக்கம் பெரும்பாலும் சரியாக இருக்கும். இடறுவது, முதலாளி தன் பெயரில் வாங்கிய பர்சனல் லோனில்தான். ஒரு ஸ்டேஷனரி கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கையிலிருந்து 2,00,000. வீட்டிலிருந்து கடைக்குக் கொண்டுவந்த மேசை, அலமாரி, வாங்கியபோது 80,000. இன்றைக்கு விற்றால் 50,000தான் வரும். லோன் 3,00,000, ப்ராசஸிங் கட்டணம் 6,000, அதற்கு ஜிஎஸ்டி 1,080 பிடித்துக்கொண்டு 2,92,920 கடையின் கரண்ட் அக்கவுண்டில் விழுந்தது. நான் எழுதுவது இப்படி:

```
ரொக்கம்                  பற்று 2,00,000
மேசை, அலமாரி             பற்று   50,000
     மூலதனம்                    வரவு 2,50,000

வங்கி                     பற்று 2,92,920
ப்ராசஸிங் செலவு           பற்று    7,080
     பர்சனல் லோன்               வரவு 3,00,000
```

லோனை 2,92,920 என்று எழுதிவிட்டால் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு கடைசிவரை ஒட்டாது. அலமாரிக்கு 80,000 போட்டால், இல்லாத மதிப்புக்கும் தேய்மானம் எழுதிக்கொண்டிருப்போம்.

ஸ்ரீராம்புரம்: எதுக்கு சார் இவ்வளவு? தனி ஆள் கடை. முதலாளியும் கடையும் ஒண்ணுதானே. மூணையும் கேபிடலில் போட்டா வேலை முடிஞ்சது.

அல்சூர்: ஈஎம்ஐ அவர் சம்பளத்திலிருந்து போனால் நீங்கள் சொல்வது சரி. கடை அக்கவுண்டிலிருந்து போனால் சரிவராது. 14% வட்டி, 36 மாதம் என்றால் ஈஎம்ஐ சுமார் 10,253. முதல் மாதம் அதில் வட்டி 3,500. மீதி 6,753 அசல். லோனே கணக்கில் இல்லாவிட்டால் அசலைக் கழிக்க இடமில்லை, முழுசையும் செலவில் தள்ளிவிடுவார்கள். லாபம் பொய்யாகக் குறையும். லோன் லெட்ஜரில் நிற்கிற பாக்கியும் வங்கி காட்டுகிற பாக்கியும் மார்ச் 31ல் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கே.ஆர்.புரம்: எனக்கு வேற பிரச்சினை. கட்டிடக்காரருக்குப் பத்து மாச வாடகை அட்வான்ஸ் என் கையிலிருந்து கொடுத்தேன். அதை வாடகைச் செலவில்தானே எழுதணும்?

அல்சூர்: திரும்பி வரும் பணம், செலவில்லை. அட்வான்ஸ் பற்று, மூலதனம் வரவு. காலி செய்யும்போது பெயின்ட்டுக்குப் பிடித்தால், பிடித்ததை மட்டும் அப்போது செலவில் எழுதுங்கள்.

ஜெயநகர்: டேலியில் போடுறவங்க ஒண்ணு கவனிங்க. லெட்ஜர் திறக்கும்போது ஓப்பனிங் பேலன்ஸிலும் 2,00,000 போட்டு, வவுச்சரிலும் அதையே போட்டா ரொக்கம் இரட்டிப்பாகும். ஒரு பக்கம் மட்டும் ஓப்பனிங் போட்டிருந்தா பேலன்ஸ் ஷீட்டில் `Difference in opening balances` என்று நிற்கும். புதுக் கடைக்கு ஓப்பனிங்கைச் சுழியா விட்டுட்டு, தொடங்கின தேதியில் வவுச்சர் மட்டும் போடுறது நல்லது.

ஸ்ரீராம்புரம்: சரி, அந்த 3 லட்சத்தில் 60,000 பையன் ஸ்கூல் ஃபீஸுக்குப் போயிருந்தா?

அல்சூர்: முழு லோனையும் எழுதி, 60,000ஐ சொந்த எடுப்பில் காட்டுவேன். வட்டியில் ஐந்தில் ஒரு பங்கைக் கடைச் செலவாகக் காட்டக் கூடாது.

ஜெயநகர்: எங்க ஆடிட்டர் 2,40,000 மட்டும்தான் கடைக் கணக்கில் எடுப்பார். மாசாமாசம் ஈஎம்ஐயைப் பிரிக்கிறதுதான் தலைவலி, ஆனாலும் அவர் அதை விடமாட்டார்.