8 நிமிடப் பேச்சு: எழுதி வாசிப்பதா, அட்டைக் குறிப்பா, மனப்பாடமா?

களுவாஞ்சிகுடிப் பெண்
சுவாமி விபுலாநந்தர் நினைவு தினத்துக்கு எங்கள் ஊர் வாசிகசாலையில் பேசக் கேட்டிருக்கிறார்கள். 8 நிமிடம். எனக்கு மேடை பழக்கமில்லை. ஐந்து பக்கம் எழுதி முடித்துவிட்டேன், சத்தமாக வாசித்தால் 13 நிமிடம் போகிறது. அதுவும் செய்தி வாசிக்கிற மாதிரித்தான் இருக்கிறது. பாடமாக்கலாம் என்றால், போன வருடம் அப்படி வந்தவர் நடுவில் மறந்து நின்றதைப் பார்த்தேன். சின்ன அட்டைகளில் எழுதிப் பேசு என்கிறார் கணவர். எது ஆபத்துக் குறைவு?

வாவிக்கரை
பாடமாக்குங்கள் அக்கா. தமிழ்த்தினப் போட்டியில் நான் அப்படித்தான் பேசிப் பரிசு எடுத்தேன். தாளைப் பார்த்துப் பேசினால் சனம் மதிக்காது.

பென்சன் வாத்தியார்
தம்பி, போட்டியில் அது சரி. அங்கே நேரம் குறைவு, நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள். கூட்டம் அப்படி இல்லை. நீங்கள் மூன்றாவது நிமிடத்தில் நிற்கும்போது பிரதம விருந்தினர் வருவார், எல்லோரும் எழும்புவார்கள், மாலை போடுவார்கள். பாடமாக்கிய உரைநடையில் ஒரு வசனம்தான் அடுத்த வசனத்தை இழுத்து வரும். ஒன்று அறுந்தால் மீதியும் வராது, முதலில் இருந்து தொடங்கத்தான் வாய் போகும். செய்யுளுக்கு அந்தக் கஷ்டம் குறைவு, ஓசையே அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கும்.

மகள், வாசித்தால் ஏன் செய்தி மாதிரி வருகிறது தெரியுமா? நாம் எழுதும் வசனம் நீளம், வினைச்சொல் கடைசியில் வரும். அதுவரை கண்ணைத் தாளில் இருந்து எடுக்க முடியாது. எடுத்தால் திரும்ப வரும்போது வரி தவறும்.

முதலில் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: மைக் தாங்கியில் இருக்குமா, கையில் தருவார்களா?

சாய்ந்தமருது நானா
எனக்கும் இதே பிரச்சினை. வலீமா வீட்டில் நாலு வார்த்தை பேசச் சொன்னாலே கை நடுங்கும். இஞ்சிப் பிளேன்டீ குடித்தால் தொண்டை சரியாகும் சகோதரி.

பென்சன் வாத்தியார்
நானா, அவர் கேட்டது வேறு. ஆனால் கை நடுக்கம் என்று சொன்னீர்களே, அதுவும் இதில் சேரும்தான். பெரிய தாள் நடுங்கினால் கடைசி வரிசைக்கும் தெரியும், மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தால் சரசரக்கும். தடித்த அட்டை காட்டிக் கொடுக்காது.

களுவாஞ்சிகுடிப் பெண்
கேட்டேன் சேர். மேசை இல்லையாம், கை மைக்தானாம். மேலே காற்றாடி வேறு.

பென்சன் வாத்தியார்
அப்போ ஐந்து பக்கத்தை விடுங்கள். ஒரு கையில் மைக், மற்றக் கையில் தாள். பக்கம் திருப்ப மூன்றாவது கை வேண்டும். காற்றாடிக் காற்றில் தாள் பறக்கும்.

உள்ளங்கை அளவு அட்டை ஐந்து போதும். ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், பெரிய எழுத்தில். மூலையில் துளை போட்டு நூல் கட்டி, இலக்கமும் இடுங்கள், விழுந்தாலும் கலையாது. முதல் அட்டையில் விளிப்பும் தொடக்க வசனமும் முழுதாக. தலைவர், அதிபர், விருந்தினர் பெயர்களை ஒருபோதும் நினைவில் இருந்து சொல்லாதீர்கள், ஒருவரை விட்டால் மனக்கசப்பு. இரண்டாவதில் "காரைதீவு 1892", அதாவது அவர் பிறந்த ஊரும் ஆண்டும். மூன்றாவதில் "அண்ணாமலை 1931, இலங்கைப் பல்கலைக்கழகம் 1943", அதாவது இரண்டு இடத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். நான்காவதில் "யாழ் நூல் 1947", அதே வருடம் ஜூலையில் அவர் மறைந்தது. ஐந்தாவதில் முடிவு வசனம் முழுதாக, மாற்றமில்லாமல். அட்டையில் முடிவு இல்லாதவர்கள்தான் "ஆகவே... ஆகவே..." என்று இழுப்பார்கள்.

அட்டைக்கும் ஆபத்து உண்டு. சொல்லைப் பார்த்ததும் வசனம் வாயில் வர வேண்டும். "அண்ணாமலை 1931" என்பதைப் பார்த்து என்ன சொல்ல நினைத்தோம் என்று யோசித்தால் அந்த அட்டை வீண். இன்னொன்று, நேரம் இழுபடும். மணிக்கூட்டை வைத்து நின்றுகொண்டு பேசிப் பாருங்கள். மூன்றாவது அட்டை முடியும்போது ஐந்து நிமிடம் தாண்டினால் ஒரு விஷயத்தைக் குறையுங்கள், வேகமாகப் பேசாதீர்கள்.

மட்டுநகர் அறிவிப்பாளர்
சேர் சொல்வது கை மைக்குக்குச் சரி. ஆனால் மேசை கிடைத்தால் முழுதாக எழுதியதையே நான் எடுப்பேன். மேற்கோள் ஒரு சொல் பிசகினாலும் விழா மலரில் பிழையாக வந்துவிடும். தாளின் மேல் பாதியில் மட்டும் எழுதினால் தலை அவ்வளவு குனியாது. வசனம் பக்கத்தோடு முடியட்டும். அட்டைக்காரர் பலர் ஆண்டை மாற்றிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

வாவிக்கரை
போனில் வைத்துப் பார்த்தால்?

பென்சன் வாத்தியார்
திரை அணைந்தால் திறக்க விரல் வேண்டும், அந்த நேரம் யாராவது கோலும் எடுப்பார்கள். இளசுகள் சமாளிக்கிறார்கள், நான் சொல்லமாட்டேன்.

களுவாஞ்சிகுடிப் பெண்
நன்றி சேர். அட்டையில் எழுதிப் பேசிப் பார்த்தேன், 9 நிமிடம் வந்தது. யாழ் நூல் பகுதியில்தான் நீள்கிறது, அதைத்தான் குறைக்க மனமில்லை.

பென்சன் வாத்தியார்
அதை அப்படியே விடுங்கள், 1931ஐயும் 1943ஐயும் ஒரே வசனமாக்குங்கள்.