வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றினேன், ஒரு கேள்வி கேட்காமல் போனேன்

தக்கலை, பள்ளி ஆசிரியை

2023 தொடக்கத்தில் எங்கள் வீட்டுக் கடனில் 18 லட்சம் பாக்கி இருந்தது. வட்டி 9.25%, இன்னும் 168 தவணைகள். நாகர்கோவிலில் வேறொரு வங்கியில் 8.5% தருவதாகச் சொன்னார்கள். தவணை 19,145 ரூபாயிலிருந்து 18,359 ஆகும், மாதம் 786 ரூபாய் மிச்சம். உடனே சம்மதித்துவிட்டோம்.

அப்புறம்தான் செலவு ஒவ்வொன்றாக வந்தது. புதுக் கடனுக்கான செயலாக்கக் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு 7,080. வக்கீல் பார்வைக்கும் வீட்டு மதிப்பீட்டுக்கும் 7,500. எங்கள் மூலப்பத்திரம் திருவிதாங்கூர் காலத்தது, மலையாளத்தில் இருக்கிறது. அதைப் படித்து மொழிபெயர்க்க வக்கீல் தனியாக வாங்கினார். பத்திரத்தைப் புது வங்கியில் ஒப்படைக்கும் எம்.ஓ.டி. பதிவுக்கு முத்திரைத் தீர்வை கடன் தொகையில் 0.5%, அதாவது 9,000. பதிவுக் கட்டணம் 6,000. பழைய வங்கியின் பெயரை வில்லங்கத்திலிருந்து எடுக்க ரசீது ஆவணம் பதிந்தோம், எழுத்துக்கூலியோடு 2,000. மொழிபெயர்ப்புக் கூலியைச் சேர்க்காமலே எல்லாம் சேர்ந்து 31,580 ரூபாய். போட்ட காசு திரும்ப 40 மாதம் ஆகும்.

அதையும் பொறுத்துக்கொண்டோம். ஆனால் அதே பழைய வங்கியில் கடன் வைத்திருந்த என் சக ஆசிரியை, வட்டியைக் குறைக்கச் சொல்லி ஒரு கடிதம் மட்டும் கொடுத்தார். 5,900 ரூபாய் கட்டணத்தில் 8.75% ஆக்கிக் கொடுத்துவிட்டார்கள். நான் கேட்கவே இல்லை.

மார்த்தாண்டம், கடை வைத்திருப்பவர்

டீச்சர், அபராதத்தை விட்டுவிட்டீர்களே. கடனை முன்கூட்டியே அடைத்தால் பழைய வங்கி 2% பிடிக்கும். என்னிடம் பிடித்தார்கள்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்

தம்பி, உங்களுடையது கடைக் கட்டடத்துக்கான கடனாக இருக்கும். தனிநபர் பெயரில் இருக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு, மாற்றும்போது அந்த அபராதம் வாங்கக் கூடாது. ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குத் தடை போட்டுவிட்டது. நிலையான வட்டியென்றால் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

டீச்சர் சொன்னதுதான் முக்கியம். பெரும்பாலானோர் இன்று கட்டும் வட்டியையும் புது வங்கியின் வட்டியையும் ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது, சொந்த வங்கி இறங்கி வரும் வட்டியோடு. டீச்சருக்கு அங்கேயே 8.75% கிடைத்திருந்தால் தவணை 18,619. வெளியே போனதால் அதைவிட மாதம் 260 ரூபாய்தான் கூடுதல் மிச்சம். அதற்காகக் கூடுதலாகச் செலவழித்தது 25,680 ரூபாய். அதை ஈடுகட்டவே எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். நடுவில் வீட்டை விற்றாலோ கடனை அடைத்தாலோ நஷ்டம்தான்.

சொந்த வங்கி ஏன் இறங்கி வருகிறது என்றால், ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி ஏறுவதும் இறங்குவதும் பழையவர், புதியவர் இருவருக்கும் ஒன்றுதான். அதன்மேல் வங்கி வைக்கும் கூடுதல் விகிதம், கடன் வாங்கிய நாளில் போட்டதாகவே பழையவருக்குக் கிடக்கும். புதியவரைப் பிடிக்க அதைக் குறைத்திருப்பார்கள். கேட்டால்தான் உங்களுக்கும் குறையும். 2019 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனென்றால், அது ரெப்போவோடு இணைந்திருக்கிறதா என்பதையே முதலில் கேளுங்கள்.

மார்த்தாண்டம், கடை வைத்திருப்பவர்

சரிதான் அண்ணாச்சி, என்னுடையது கடைக் கடன்தான். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் குறைத்துத் தருவார்களா? எங்கள் மைத்துனர் இரண்டு முறை எழுதியும் பதிலே இல்லை.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்

எல்லா இடத்திலும் நடக்காது. புது வங்கியின் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய வங்கியில் முழுக்கடன் அடைப்புக் கணக்கு கேட்கச் சொல்லுங்கள். போகப்போகிறார் என்று தெரிந்தால் கிளையில் பேச்சு மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அனுமதிக்கே சில இடங்களில் திருப்பித் தராத கட்டணம் உண்டு, அதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டச் சொல்லுங்கள்.

குளச்சல், வீட்டை நிர்வகிப்பவர்

என் வீட்டுக்காரர் குவைத்தில். பத்திரம் அவர் பெயரில் மட்டும். புது வங்கியில் எம்.ஓ.டி.க்கு அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். இல்லாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று எனக்கு அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டுமாம். டிக்கெட் செலவையும் நான் கணக்கில் சேர்க்க வேண்டாமா அண்ணாச்சி?

நாகர்கோவில், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்

கண்டிப்பாகச் சேருங்கள் அம்மா. அதிகாரப் பத்திரம் ஊர் வந்தபின் மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரையிட வேண்டும், அதற்கும் செலவுண்டு. அதைப் புது வங்கி ஏற்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள், கிளைக்குக் கிளை மாறும்.

குளச்சல், வீட்டை நிர்வகிப்பவர்

அவர் டிசம்பரில் லீவில் வருகிறார். அதற்குள் பழைய வங்கியில் கடிதம் கொடுத்துப் பார்க்கிறேன். அவர்கள் என்ன வட்டி சொல்கிறார்கள் என்று தெரிந்தபின் எழுதுகிறேன்.