பழைய கம்பெனி போனில் சொன்ன வார்த்தை: எதுவரை சொல்லலாம்?

ஸ்டோர்ஸ்காரன், கொழிஞ்சாம்பாறை
கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தேன். மார்ச் மாத இருப்புக் கணக்கெடுப்பில் 38 கிலோ செம்புக் கம்பி குறைந்தது. எனக்கு மெமோ வந்தது. இரவு ஷிப்டில் எடுத்துப்போன சரக்குக்குச் சீட்டு பதிவாகவில்லை என்று எழுத்தில் பதில் கொடுத்தேன். அதன்பின் விசாரணை எதுவும் நடக்கவில்லை. ஜூனில் நானாகவே ராஜினாமா செய்தேன். கிராஜுவிட்டி முழுதாக வந்தது. பணிச் சான்றிதழில் 'நடத்தை திருப்திகரம்' என்று இருக்கிறது. இப்போது கோவையில் வேலை உறுதியான பிறகு, பின்னணி சரிபார்க்கும் ஏஜென்சி பழைய ஹெச்.ஆர். அதிகாரியிடம் போனில் கேட்டிருக்கிறது. 'திருட்டு விஷயத்தில் வெளியே போனவர்' என்றாராம். ஆஃபரை ரத்து செய்துவிட்டார்கள். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா?

மகேஷ்
கிடையவே கிடையாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, இந்த மூன்றுக்கு மேல் பழைய நிறுவனம் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். நான் வேலை பார்க்கும் பெங்களூரு நிறுவனத்தில் இதைப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். உடனே போலீசில் புகார் கொடுங்கள்.

வாளையாறு லேத்
எந்தச் சட்டம் தம்பி? எனக்குச் சின்னப் பட்டறை, பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். முன்பு ஒருவனைச் சேர்க்கும்போது அவனுடைய பழைய முதலாளியிடம் கேட்டேன். "நல்ல பையன்" என்றார். நாலு மாதத்தில் பித்தளைத் துண்டுகள் மூட்டையாகப் போயின. பிறகு அதே முதலாளி, "எங்களிடமும் அப்படித்தான், ஒருவன் பிழைப்பைக் கெடுப்பானேன் என்று சொல்லவில்லை" என்று சிரித்தார். நஷ்டம் யாருக்கு? கம்பி குறைந்தது உண்மை, மெமோ கொடுத்தது உண்மை. உண்மையைச் சொன்னவரை எந்த நீதிமன்றமும் தண்டிக்காது.

வசந்தா, கல்பாத்தி
இருபது ஆண்டுகளாக இந்த இரு தரப்புக்கும் வழக்காடுகிறேன், பாலக்காட்டிலும் கோவையிலும். இரண்டு பேரும் பாதி சரி.

மகேஷ், நீங்கள் சொல்லும் மூன்று விவரக் கட்டுப்பாடு உங்கள் நிறுவனம் தனக்குத் தானே போட்டுக்கொண்டது. வம்பு வேண்டாம் என்று பெரிய நிறுவனங்கள் பலவும் அப்படி வைத்திருக்கின்றன. முன்னாள் ஊழியரைப் பற்றி இவ்வளவுதான் பேசலாம் என்று தனிச் சட்டம் இங்கே இல்லை. பேச்சைக் கட்டுப்படுத்துவது அவதூறுச் சட்டம்தான். அதில் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாது. மாஜிஸ்திரேட்டிடம் நீங்களே புகார் மனு கொடுக்க வேண்டும்.

லேத் ஐயா, குற்றவியல் அவதூறில் உண்மை மட்டும் போதாது. முன்பு இ.பி.கோ. 499 ஆக இருந்தது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356. அதன் முதல் விதிவிலக்கு, சொன்னது உண்மையாக இருப்பதோடு பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும் என்கிறது. சிவில் வழக்கில் உண்மை ஒன்றே காப்பாற்றும். ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு ஒன்பதாவது விதிவிலக்கு இருக்கிறது: இன்னொருவருடைய நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்னால் அது அவதூறு ஆகாது. ஆள் எடுப்பவர் கேட்டு, பழைய முதலாளி சொல்லும் பதில் இதற்குள் வரும்.

எல்லாம் 'நல்லெண்ணம்' என்ற சொல்லில்தான் தொங்குகிறது. மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்றால் மட்டும் போதாது. தக்க கவனத்தோடு விசாரித்துவிட்டுச் சொன்னாரா என்பதைச் சட்டம் பார்க்கும். இந்தத் தம்பியின் விஷயத்தில் அந்த ஹெச்.ஆர். அதிகாரி மூன்று வகையாகப் பேசியிருக்கலாம். 'இருப்பில் 38 கிலோ குறைந்தது, மெமோ கொடுத்தோம், விளக்கம் வந்தது, மேற்கொண்டு விசாரிக்கவில்லை, அவரே விலகினார்' என்றால் அவரைத் தொடுவது கடினம், வேலை போனாலும். 'எங்களுக்குச் சந்தேகம் இருந்தது' என்றால் இழுபறி. அவர் சொன்னது 'திருட்டு'. யாரும் விசாரிக்காத, யாரும் முடிவு செய்யாத ஒன்றை முடிந்த விஷயமாகச் சொல்லியிருக்கிறார். நடத்தை திருப்திகரம் என்று நிறுவனமே எழுதிக் கொடுத்த தாள் ஒரு கையில் இருக்க, போனில் திருடர் என்பதை நல்லெண்ணம் என்று வாதாட எனக்கே கூச்சமாக இருக்கும்.

வாளையாறு லேத்
அம்மா, அந்தச் சான்றிதழை நாங்கள் எப்படி எழுதுகிறோம் என்று உங்களுக்குத் தெரியாதா? ஆள் போனால் போதும் என்று எழுதுவது. எல்லோருக்கும் அதே வாசகம்தான், பெயரை மட்டும் மாற்றுவோம்.

வசந்தா, கல்பாத்தி
தெரியும். இதைக் கூண்டில் ஏறி நின்று சொல்வீர்களா?

மீனாட்சிபுரம் டீச்சர்
என் கதையும் இதேதான். தனியார் பள்ளியில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். விலகியபின் அனுபவச் சான்றிதழ் தராமல் இழுக்கிறார்கள். இதுவும் அவதூறுதானே?

வசந்தா, கல்பாத்தி
இல்லை டீச்சர். அவர்கள் எதுவும் சொல்லவில்லை, தர வேண்டியதைத் தரவில்லை. அது வேறு வழி. நியமன உத்தரவை எடுத்துக்கொண்டு தனியாக எழுதுங்கள்.

மகேஷ்
கிராஜுவிட்டி முழுதாகக் கொடுத்ததே அவர் நிரபராதி என்பதற்குச் சாட்சி இல்லையா? நஷ்டம் ஏற்படுத்தியிருந்தால் பிடித்திருப்பார்களே.

வசந்தா, கல்பாத்தி
அதில் அதிகம் சாய வேண்டாம். நஷ்டத்துக்காகக் கிராஜுவிட்டியைப் பிடிக்க வேண்டுமென்றால், அந்தக் காரணத்துக்காக நிறுவனமே வேலையை விட்டு நீக்கியிருக்க வேண்டும். இவர் ராஜினாமா செய்தவர். பிடிக்க வழியில்லாததால் கொடுத்தோம் என்பார்கள்.

ஜெயா
நான் அந்தப் பக்கத்து ஆள், ஹெச்.ஆர். வேலை. ஏஜென்சியின் படிவத்தில் தேதிகள், பதவி, விலகிய காரணம், ஒழுங்கு நடவடிக்கை உண்டா, மீண்டும் எடுப்பீர்களா என்று கட்டங்கள் இருக்கும். பெரும்பாலும் மின்னஞ்சலில் பதில் கேட்பார்கள். பதில் வராவிட்டால் போன். போனில் சொன்னதை ஏஜென்சிப் பையன் தன் வார்த்தையில் தட்டுவான். 'திருட்டு' என்பது அதிகாரி சொன்னதா, பையன் எழுதியதா? முதலில் அந்த அறிக்கையின் நகலைக் கோவை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று, சேரும்போது பழைய நிறுவனத்தை விசாரிக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதைக் காட்டியே உங்களை மடக்குவார்கள்.

வசந்தா, கல்பாத்தி
ஜெயா சொன்ன முதல் விஷயம்தான் வழக்கின் உயிர். சம்மதக் கையெழுத்தைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். விசாரிக்கச் சம்மதித்தவர் பொய் சொல்லவும் சம்மதித்தார் என்று ஆகிவிடாது. ஆனால் 'மீண்டும் எடுக்க மாட்டோம்' என்ற கட்டத்தை வைத்து வழக்குப் போட வராதீர்கள். அது அவர்களுடைய அபிப்பிராயம்.

ஜெயா
அங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வட்டாரத்தில் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தாலே திருடன் என்றுதான் படிப்போம்.

வசந்தா, கல்பாத்தி
படிப்பீர்கள், நிரூபிப்பது யார்? சரி, நாம் இதில் ஒத்துப்போகப் போவதில்லை. அதே அதிகாரி இதை ஹெச்.ஆர். வாட்ஸ்ஆப் குழுவில் போட்டாரா என்றும் பாருங்கள். கேட்ட ஒருவரிடம் சொல்வதற்கு இருக்கும் பாதுகாப்பு, கேட்காத நூறு பேரிடம் சொல்வதற்கு இருக்காது. சிவில் வழக்குக்கு ஓராண்டுதான் காலம், சொன்ன நாளிலிருந்து. சொன்னவர் கஞ்சிக்கோட்டில், கேட்டவர் கோவையில் என்பதால் இரண்டில் எந்த ஊரிலும் வழக்குப் போடலாம். முதலில் சான்றிதழின் நகலை வைத்து, சொன்னதைத் திருத்தி ஏஜென்சிக்கு எழுதும்படி ஒரு நோட்டீஸ் அனுப்புவோம். பாதி விஷயங்கள் அதோடு முடிகின்றன.

ஸ்டோர்ஸ்காரன், கொழிஞ்சாம்பாறை
அறிக்கையின் நகல் இன்று கிடைத்தது அக்கா. 'தகவல்: வாய்மொழி. தெரிவித்தவர்: ஹெச்.ஆர். பிரிவு' என்று இருக்கிறது. பெயர் இல்லை. விலகிய காரணம் என்ற கட்டத்தில் 'நேர்மைப் பிரச்சினை' என்று இரண்டே சொற்கள். திருட்டு என்ற வார்த்தை எங்குமே இல்லை. அதை எனக்குப் போனில் சொன்னது கோவைக் கம்பெனி ஆள்.

வாளையாறு லேத்
பார்த்தீர்களா!

வசந்தா, கல்பாத்தி
பேசிய தேதியும் நேரமும் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். சனிக்கிழமை மெமோ, உங்கள் பதில், சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மெமோ மலையாளத்தில் இருந்தாலும் அப்படியே கொண்டு வாருங்கள், மொழிபெயர்க்க வேண்டாம்.